12% கடனைவிட 18% கடன் மலிவாக இருக்க முடியுமா?

"பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். மெஷின் வாங்க ₹2,40,000 கடன் வேண்டும், 24 மாதத்தில் கட்டிவிடுவேன். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி 12% ஃப்ளாட் என்கிறது. என் கணக்கு இருக்கும் பேங்க் 18% ரெட்யூசிங் என்கிறது. 12%தானே குறைவு? ஆனால் என் மைத்துனர் பேங்க்தான் லாபம் என்கிறார். வருஷத்துக்கு உண்மையில் எவ்வளவு வட்டி என்று நானே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?"

உங்கள் மைத்துனர் சொல்வது சரி. நீங்கள் சொன்ன இரண்டில் பேங்க் கடன்தான் மலிவு. வித்தியாசமும் சின்னது இல்லை, இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய ₹19,000 வரை வரும். எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம். கம்பெனி எவ்வளவு பிடித்தம் செய்யும் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் இப்படிப்பட்ட கடன்களில் வழக்கமாகப் பார்க்கும் அளவில் சில தொகைகளை வைத்துக்கொள்கிறேன். உங்கள் தாளில் இருக்கும் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்ளாட் என்றால் முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி, ரெட்யூசிங் என்றால் குறைந்துகொண்டே வரும் பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி. முதலில் ஃப்ளாட் கணக்கு. ₹2,40,000-க்கு வருஷம் 12% என்றால் ₹28,800. இரண்டு வருஷத்துக்கு ₹57,600. அசலோடு சேர்த்து ₹2,97,600. அதை 24 ஆல் வகுத்தால் மாத டியூ ₹12,400. இதில் அசல் ₹10,000, வட்டி ₹2,400 என்று பிரித்துக் காட்டுவார்கள். "மாசம் ஒரு ரூபாய் வட்டிதான் சார்" என்றும் சொல்வார்கள்.

அந்த "ஒரு ரூபாய் வட்டி"தான் நம்மை நம்ப வைக்கிறது. ஊரில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கினால், மாதாமாதம் வட்டியை மட்டும் கொடுப்போம், அசல் முழுவதும் கடைசி நாள்வரை நம்மிடமே இருக்கும். அங்கே 12% என்பது நிஜமான 12%. ஆனால் தவணைக் கடனில் ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். பதிமூன்றாவது மாதம் தொடங்கும்போது, அவர்கள் பிரித்துக் காட்டிய கணக்கின்படியே, உங்களிடம் இருக்கும் அசல் ₹1,20,000தான். அப்போதும் வட்டி அதே ₹2,400. கடைசி மாதத்தில் பாக்கி அசல் வெறும் ₹10,000, அதற்கும் வட்டி ₹2,400. பத்தாயிரத்துக்கு ஒரு மாத வட்டி இரண்டாயிரத்து நானூறு என்று யாராவது நேராகக் கேட்டால் அந்தக் கடனை நீங்கள் வாங்கவே மாட்டீர்கள்.

இதை மனக்கணக்காக ஒருமுறை சரிபார்க்கலாம். அசல் ₹2,40,000-இல் தொடங்கி மாதம் பத்தாயிரமாகக் குறைந்து ₹10,000-இல் முடிகிறது. சராசரியாக உங்களிடம் இருந்த பணம் ₹1,25,000. வருஷ வட்டி ₹28,800. வகுத்துப் பார்த்தால் 23% வருகிறது. இது தோராயம்தான், துல்லியமான விடை இதைவிடக் கொஞ்சம் குறைவாக வரும். ஆனால் ஃப்ளாட் என்று யாராவது சொன்னதும், அந்த எண்ணை ஏறத்தாழ இரண்டு மடங்காக நினைத்துக்கொண்டு பேசத் தொடங்குவதற்கு இது போதும்.

துல்லியமான விடைக்கு வட்டி என்றால் என்ன என்பதையே கொஞ்சம் வேறு மாதிரி பார்க்க வேண்டும். கம்பெனி எந்தப் பெயரில் எதைப் பிரிக்கிறது என்பதை மறந்துவிடுங்கள். இன்று உங்கள் கைக்கு வருவது எவ்வளவு, இனிமேல் உங்கள் கையிலிருந்து எந்தத் தேதியில் எவ்வளவு போகிறது, இந்த இரண்டு மட்டும் போதும். பாக்கித் தொகை மேல் மாதாமாதம் எத்தனை சதவீதம் வட்டி போட்டால், கடைசி டியூ கட்டியதும் கணக்கு சரியாகப் பூஜ்யத்துக்கு வருமோ, அதுதான் அந்தக் கடனின் மாத வட்டி. அதைக் கையால் கண்டுபிடிக்க ஒரு எண்ணைப் போட்டு, சரிவராவிட்டால் இன்னொன்றைப் போட்டு என்று முயன்றுகொண்டே இருக்க வேண்டும். மொபைலில் இருக்கும் கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்ஸெல் இதை ஒரே வரியில் செய்துவிடும்:

```
=RATE(24, -12400, 240000)
```

முதல் எண் தவணைகளின் எண்ணிக்கை. இரண்டாவது மாத டியூ, அது கையிலிருந்து போகும் பணம் என்பதால் கழித்தல் குறி. மூன்றாவது கைக்கு வரும் பணம். கழித்தல் குறியை மறந்தால் பிழை காட்டும். விடை மாதத்துக்கு 1.798% என்று வரும். சில சமயம் கட்டத்தில் வெறும் 2% என்று தெரியும், தசம இடங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். 12 ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 21.6%. பிடித்தம் எதுவுமே இல்லாவிட்டாலும் 12% ஃப்ளாட் என்பது 21.6% ரெட்யூசிங். பேங்க் சொன்ன 18%-ஐ இதோடுதான் ஒப்பிட வேண்டும், 12%-ஓடு அல்ல.

இனி பிடித்தங்கள். புராசஸிங் ஃபீஸ் 2.5% என்று வைத்துக்கொள்வோம், ₹6,000. அதன் மேல் ஜிஎஸ்டி 18%, ₹1,080. கடனுக்கான இன்சூரன்ஸ் என்று ₹4,920. மொத்தம் ₹12,000. இதைத் தனியாகக் கட்டச் சொல்ல மாட்டார்கள், கடன் தொகையிலேயே கழித்துக்கொண்டு ₹2,28,000-ஐ உங்கள் கணக்கில் போடுவார்கள். டியூ மட்டும் ₹2,40,000-க்கு உரிய அதே ₹12,400. ஆக, மூன்றாவது எண்ணை மட்டும் மாற்ற வேண்டும்:

```
=RATE(24, -12400, 228000)*12
=(1+RATE(24, -12400, 228000))^12-1
```

முதல் வரி 27.0% காட்டும். இரண்டாவது வரி 30.6% காட்டும். இந்த இரண்டாவது எண்தான் கூட்டுவட்டியோடு சேர்ந்த உண்மையான வருஷ வட்டி. அந்த வித்தியாசத்தைப் பற்றிக் கீழே சொல்கிறேன், முதலில் பேங்க் கடனையும் இதே வழியில் போட்டுவிடலாம்.

18% ரெட்யூசிங் என்றால் மாதம் 1.5%. ₹2,40,000-க்கு 24 மாதத்தில் டியூ ₹11,982 வரும். ஃபீஸ் 1% என்று வைத்தால் ₹2,400, ஜிஎஸ்டி ₹432. கைக்கு வருவது ₹2,37,168.

```
=RATE(24, -11982, 237168)*12
=(1+RATE(24, -11982, 237168))^12-1
```

விடைகள் 19.2%, 21.0%. ஃபைனான்ஸ் கம்பெனிக்கு 27.0%, 30.6%. ரூபாயில் சொன்னால் இன்னும் தெளிவாகத் தெரியும். கம்பெனியிடம் கைக்கு வாங்குவது ₹2,28,000, திருப்பிக் கட்டுவது ₹2,97,600. கடனின் விலை ₹69,600. பேங்கில் வாங்குவது ₹2,37,168, கட்டுவது ₹2,87,568, விலை ₹50,400. பேங்கில் டியூவும் குறைவு, கைக்கு வரும் பணமும் ₹9,168 அதிகம். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்து வழக்கமான முறையில் ரிட்டர்ன் போடுபவராக இருந்தால், ஃபீஸ் மேல் கட்டும் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அது இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் குறைக்கும். முடிவு மாறாது.

சரி, 27.0 எதற்கு, 30.6 எதற்கு? மாத வட்டியைப் பன்னிரண்டால் வெறுமனே பெருக்கினால் வருவது முதலாவது. ஆனால் மாதாமாதம் போடப்படும் வட்டியை நீங்கள் மாதாமாதம் கட்டுகிறீர்கள், வருஷக் கடைசி வரை காத்திருந்து கட்டுவதில்லை. அந்தப் பணம் உங்களிடமே இருந்திருந்தால் அதுவும் துணி வாங்க, நூல் வாங்கப் புரண்டிருக்கும். வட்டியை இப்படி முன்கூட்டியே கொடுப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அதையும் சேர்ப்பதுதான் இரண்டாவது வரி. 12% வட்டியை மாதாமாதம் கணக்கிட்டால் வருஷத்துக்கு 12.68%, 18%-க்கு 19.56%. வட்டி ஏற ஏற இடைவெளியும் விரியும்.

இரண்டு கடனுக்கும் மாதத் தவணை என்றால் இந்த இரண்டு எண்களில் எதை வைத்து ஒப்பிட்டாலும் முடிவு ஒன்றுதான். ஒன்றுக்கு முதல் எண்ணையும் இன்னொன்றுக்கு இரண்டாவது எண்ணையும் எடுக்காமல் இருந்தால் போதும். ஒன்றுக்கு மாதத் தவணை, இன்னொன்றுக்கு தினத் தவணை என்று மாறும்போதுதான் இரண்டாவது எண் இல்லாமல் ஒப்பிடவே முடியாது. உங்கள் ஏரியா மார்க்கெட்டுகளில் ஓடும் தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். ₹10,000 கடனுக்கு ₹1,000 பிடித்துக்கொண்டு ₹9,000 கையில் கொடுத்து, தினம் ₹100 வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். கேட்டால் பத்து பர்சென்ட் என்பார்கள். நாள் வட்டி 0.2126%. 365 ஆல் பெருக்கினால் 78% அளவில் வரும். கூட்டுவட்டியாகப் போட்டால் வருஷத்துக்கு சுமார் 117%. நூறு நாளில் தீர்ந்துவிடும் கடன்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு தண்டல் முடிந்ததும் அடுத்தது எடுத்து வருஷம் முழுவதும் ஓட்டும் கடைக்காரர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அந்த 117 வெறும் கணக்குப் புத்தக எண் இல்லை.

இப்போது ஒரு முக்கியமான தாளைப் பற்றி. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கப்படும் புதிய தனிநபர் கடன்களுக்கும், சிறு குறு தொழில்களுக்கான டேர்ம் லோன்களுக்கும், பேங்கும் ஃபைனான்ஸ் கம்பெனியும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற ஒரு தாளைக் கையெழுத்துக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். கேஎஃப்எஸ் என்று சொல்வார்கள். அதில் ஏபிஆர் என்று ஒரு எண் இருக்கும். வட்டி, ஃபீஸ், கம்பெனி வழியாக வசூலிக்கப்படும் இன்சூரன்ஸ் போன்ற மூன்றாம் தரப்புக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த வருஷ விலை அது. ஃப்ளாட் என்று வாயால் என்ன சொன்னாலும், இந்தத் தாளில் பாக்கித்தொகை அடிப்படையில்தான் காட்ட வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் விதி, அதனால் பெங்களூரில் இருந்தாலும் தமிழில் கேட்கலாம். ஏழு நாளோ அதற்கு மேலோ உள்ள கடன் என்றால், அந்த நிபந்தனைகளை ஏற்பதா வேண்டாமா என்று யோசிக்கக் குறைந்தது மூன்று வேலைநாள் அவகாசம் உண்டு. தாளில் இல்லாத கட்டணத்தை, இடையில் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது.

ஒன்றைக் கவனியுங்கள். ரிசர்வ் வங்கி அந்தச் சுற்றறிக்கையோடு கொடுத்த மாதிரிக் கணக்கில் ஏபிஆர் என்பது மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கிய எண்தான், கூட்டுவட்டி எண் அல்ல. ஆகவே கம்பெனியின் தாளில் 27.0% என்று இருந்தால் உங்கள் முதல் வரியோடு பொருந்துகிறது என்று அர்த்தம். 30.6 வரவில்லையே என்று சண்டை போட வேண்டாம். அதைவிடக் கணிசமாகக் குறைவாக, 21.6% என்று இருந்தால், பிடித்தங்களைச் சேர்க்காமல் போட்டிருக்கிறார்கள். 12% என்றே இருந்தால் ஃப்ளாட் எண்ணை அப்படியே எழுதியிருக்கிறார்கள். அப்போது கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்து, திருத்தித் தரச் சொல்லுங்கள்.

கணக்கு தப்பாகிப் போகும் இடங்கள் இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, அட்வான்ஸ் டியூ. கடன் கொடுக்கும் அன்றே முதல் டியூவைப் பிடித்துக்கொள்வார்கள். உங்களுக்கு ஒரு மாதம் முன்கூட்டியே முடிவது போலத் தெரியும். ஆனால் கைக்கு வருவது ₹2,28,000-லிருந்து ₹2,15,600 ஆகக் குறையும், மீதி 23 டியூ. RATE-இல் 23-ஐயும் 215600-ஐயும் போட்டால் கூட்டுவட்டி எண் 30.6-லிருந்து 34.0% ஆகும். மேலே ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வாங்கவில்லை, வாங்கும் தேதியை மட்டும் மாற்றினார்கள். மொத்தம் எவ்வளவு கட்டுகிறேன் என்று மட்டும் கூட்டிப் பார்ப்பவருக்கு இது கண்ணில் படவே படாது.

இரண்டாவது, இடையில் மொத்தமாக அடைப்பது. தீபாவளி சீசன் நன்றாக ஓடினால் ஒரு வருஷத்திலேயே முடித்துவிடலாம் என்று நீங்கள் நினைக்கலாம். 12 டியூ கட்டி முடித்த பிறகு, பாதி அசல் போய்விட்டது, ₹1,20,000தான் பாக்கி என்று மனம் சொல்லும். ஆனால் அடைக்கப் போகும் நாளில் பெரும்பாலும் ரெட்யூசிங் அட்டவணையை எடுத்து வைப்பார்கள். அதன்படி முதல் டியூவில் வட்டி மட்டுமே ₹4,314, அசலுக்குப் போனது ₹8,086. இப்படி முன்பகுதியில் வட்டி அதிகமாகப் போயிருப்பதால் பாக்கி ₹1,32,800 அளவில் நிற்கும். அதன் மேல் முன்கூட்டியே அடைப்பதற்கான ஃபோர்குளோஷர் சார்ஜ் 4%, அதற்கும் ஜிஎஸ்டி என்றால் இன்னும் ₹6,270 அளவு. ₹12,000 பிடித்தமோ இரண்டு வருஷத்துக்கு உரியது, அதை ஒரே வருஷத்தில் தாங்க வேண்டியிருக்கிறது. எல்லாம் சேர்த்துப் போட்டால் அந்த ஒரு வருஷத்துக்கான உண்மை வட்டி 36%-ஐத் தாண்டும். சீக்கிரம் அடைத்தால் ரூபாய் மிச்சமாகும் என்பது உண்மை, ஆனால் வட்டி விகிதம் ஏறும். அதனால் சீக்கிரம் அடைக்கும் எண்ணம் உள்ளவர், முன்பணப் பிடித்தமும் ஃபோர்குளோஷர் சார்ஜும் குறைவாக உள்ள கடனைத்தான் தேட வேண்டும். வட்டி அரை சதவீதம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்த மாதிரி டியூ ஒரே அளவில் இல்லாத கடனுக்கு RATE உதவாது. ஷீட்டில் A பத்தியில் தேதிகளையும் பக்கத்து B பத்தியில் தொகைகளையும் எழுதுங்கள். முதல் வரியில் கைக்கு வந்தது கூட்டல், அடுத்த 12 வரிகளில் கட்டுவது கழித்தல், கடைசி வரியில் டியூவோடு அடைக்கும் தொகையையும் சேருங்கள். அப்புறம்:

```
=XIRR(B1:B13, A1:A13)
```

இது நேராகக் கூட்டுவட்டி எண்ணையே தரும், மறுபடி ^12 போடத் தேவையில்லை. நாள் கணக்கில் போடுவதால் RATE வழியில் வரும் விடையிலிருந்து தசம இடத்தில் சிறிது மாறலாம்.

பேங்க் இழுத்தடித்து, மெஷின் அவசரமாகத் தேவைப்பட்டு, கம்பெனியிடமே போக வேண்டிய நிலை வந்தால், வட்டியைக் குறைக்கச் சொல்லி மட்டும் பேரம் பேசாதீர்கள். முதலில் இன்சூரன்ஸைக் கேளுங்கள், அது கட்டாயமா, எந்தப் பாலிசி, நீங்களே வெளியில் எடுத்தால் ஒப்புக்கொள்வார்களா என்று. அந்த ₹4,920 மட்டும் போனாலே 27.0% என்பது 24.7% ஆக இறங்கும். பிறகு ஃபீஸ். பேங்க் கடனுக்குச் சமமாக நிற்க வேண்டுமானால், பிடித்தம் எதுவும் இல்லாமல் முழு ₹2,40,000-ஐயும் கையில் கொடுத்து, டியூவை ₹12,125-க்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். அவர்கள் மொழியில் அது 10.6% ஃப்ளாட். பேரத்துக்குப் போகும்போது அந்த ₹12,125-ஐ ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஏதாவது பிடித்தம் செய்வதாகச் சொன்னால், மொபைலை எடுத்து RATE-இல் மூன்றாவது எண்ணை மாற்றி அங்கேயே போட்டுப் பாருங்கள்.